பங்கு கைமாறும் நாளுக்கு முன்: பங்குதாரர் ஒப்பந்தத்தில் நான்கு ஷரத்துகள்

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் கிளைக்கு ஒரே நிறுவனத்திடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தில் ஓர் இயக்குநர், தம் கையொப்பம் இல்லாத காசோலை எதையும் அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார். இரண்டாவது கடிதத்தில் மற்றோர் இயக்குநர் அதே கோரிக்கையைத் தம் பெயரில் வைத்திருந்தார். இருவரும் சமமான பங்குகளை உடையவர்கள். இயக்குநர் குழுவில் இரு தரப்புக்கும் சமமான இடங்கள். எவர் சொல்வது நிறுவனத்தின் சொல் என்று தீர்மானிக்கும் அதிகாரம் வங்கிக்கு இல்லை. எனவே கணக்கின் இயக்கத்தை நிறுத்திவைத்து, முறைப்படியான குழுத் தீர்மானத்துடன் வருமாறு எழுதினோம். அத்தீர்மானம் வரவில்லை, வரவும் முடியாது. இருபுறமும் வாக்குகள் சமம். அந்த மாதச் சம்பளம் தாமதமாயிற்று; ரொக்கக் கடன் வரம்பின் புதுப்பிப்பும் நின்றுபோயிற்று.

அவர்களிடம் பங்குதாரர் ஒப்பந்தம் இல்லாமலில்லை. எவர் எவ்வளவு முதல் போடுவது, எவருக்கு என்ன பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருந்தன. ஒருவர் விலக விரும்பினால் என்ன செய்வது, இருவரும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டும் இல்லை. பிரிவைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்று கருதியிருக்கலாம். தனியார் நிறுவனம் தொடங்கும் வாடிக்கையாளர்களிடம் இம்மனப்போக்கை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஆகவே இவ்விதழில் நான்கு ஷரத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை எவ்வாறு எழுதுவது என்று பார்க்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கட்டுரை முழுவதும் பயன்படுத்துவோம். புணே அருகே வாகன உதிரிபாகம் கடையும் ஒரு தனியார் நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். மொத்தப் பங்குகள் 10,000. உற்பத்தியைக் கவனிப்பவரிடம் 4,500. விற்பனையைக் கவனிப்பவரிடம் 4,500. பணி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் 1,000. அவர் தம் ஓய்வூதியப் பலன்களிலிருந்து முதலீடு செய்தவர். குழுவில் அவருக்கு இடமில்லை. முதலிருவரும் ஆளுக்கு இரண்டு இயக்குநர்களை நியமிக்கின்றனர். இவர்களை உற்பத்தியாளர், விற்பனையாளர், பொறியாளர் என்றே அழைப்போம்.

ஷரத்துகளுக்குள் செல்லுமுன், அவை எங்கே எழுதப்பட வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் அளித்த தீர்ப்பு இதற்கு அடிப்படை. அது ஒரு குடும்பத் தனியார் நிறுவனம். மொத்தம் 50 பங்குகள். இரு சகோதரர்களின் கிளைகளுக்கும் தலா 25. பங்கை விற்க விரும்புபவர் முதலில் தம் கிளையினருக்கே அளிக்க வேண்டும் என்று அவர்களிடையே வாய்மொழி உடன்பாடு இருந்தது. ஆனால் ஒரு கிளையைச் சேர்ந்தவர் மறுகிளையினருக்குப் பங்குகளை விற்றுவிட்டார். நிறுவனத்தின் செயல்முறை விதிகளில், அதாவது தணிக்கையாளர்கள் 'ஆர்டிகிள்ஸ்' என்று குறிப்பிடும் ஆவணத்தில், இடம்பெறாத கட்டுப்பாடு நிறுவனத்தையோ பங்குதாரர்களையோ கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் கூறியது. இத்தீர்ப்பின் எல்லை குறித்துப் பின்னாளில் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகப் பேசியுள்ளன. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பங்கு மாற்றம் பற்றிய உடன்பாடுகள் ஒப்பந்தமாக அமலாக்கத்தக்கவை என்று சொல்லினும், அவ்வாசகம் பொது நிறுவனங்களைப் பற்றிய உட்பிரிவில்தான் அமைந்துள்ளது. தனியார் நிறுவனம் நடத்துவோர் இவ்விவாதத்தில் தம் பணத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியதைச் சிறப்புத் தீர்மானத்தின் மூலம் செயல்முறை விதிகளிலும் சேர்த்து, பதிவாளரிடம் தாக்கல் செய்துவிட வேண்டும்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. செயல்முறை விதிகளை மாற்றுவதற்கு, அளிக்கப்பட்ட வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு போதும். நம் எடுத்துக்காட்டில் உற்பத்தியாளரும் விற்பனையாளரும் சேர்ந்தால் 90 விழுக்காடு. பொறியாளரைக் காக்கும் ஷரத்தை அவர்கள் இருவருமே ஒரு பிற்பகலில் நீக்கிவிடலாம். இதற்காகவே சட்டத்தின் 5ஆம் பிரிவு, குறிப்பிட்ட விதிகளை மாற்றுவதற்குக் கூடுதலான நிபந்தனை விதித்துக்கொள்ள இடமளிக்கிறது. பொறியாளரின் எழுத்துப்பூர்வ இசைவின்றி இன்னின்ன விதிகளை மாற்றக்கூடாது என்று அதில் எழுதலாம். இருக்கும் தனியார் நிறுவனத்தில் இதைப் புதிதாகச் சேர்க்க எல்லா உறுப்பினர்களின் சம்மதமும் வேண்டும். ஆகவே நல்லுறவு நிலவும் காலத்திலேயே இது நடக்க வேண்டும்.

இனி முன்வாங்கல் உரிமை. விற்பனையாளர் தம் 4,500 பங்குகளையும் விற்க விரும்புகிறார். வெளியார் ஒருவர் பங்குக்கு 2,000 ரூபாய் தர முன்வருகிறார். மொத்தம் 90 லட்சம். இவ்வுரிமையின்படி, வெளியாருக்கு விற்குமுன் அதே விலைக்கு உள்ளேயிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். எழுத்துமூலம் அறிவிப்பு, பதிலுக்கு 30 நாள் என்பது வழக்கமான ஏற்பாடு. உள்ளேயிருக்கும் இருவரும் தத்தம் பங்கின் விகிதத்தில், அதாவது 4,500க்கு 1,000 என்ற கணக்கில், வாங்கலாம். அதன்படி உற்பத்தியாளருக்கு 3,682 பங்குகள், பொறியாளருக்கு 818. பொறியாளர் வாங்க இயலாவிட்டால் அவர் பாகத்தையும் உற்பத்தியாளர் எடுத்துக்கொள்ள ஒரு கூடுதல் வாரம் தரலாம்.

இங்கே பெரும்பாலோர் விட்டுவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: அளிக்கப்பட்ட பங்குகள் அனைத்தையும் வாங்கினால் மட்டுமே உரிமை செல்லும் என்பது. அதை எழுதாவிட்டால் உற்பத்தியாளர் 600 பங்குகளை மட்டும் வாங்கிக்கொள்வார். அவரிடம் 5,100 சேர்ந்து நிறுவனம் அவர் வசமாகிவிடும். மீதி 3,900 பங்குகளை அதே விலைக்கு வாங்க எந்த வெளியார் வருவார்? விற்பனையாளர் சிறுபான்மைப் பங்குடன் உள்ளே சிக்கிக்கொள்வார். அனைத்தையும் வாங்கு, இல்லையேல் விட்டுவிடு என்பதே இருதரப்புக்கும் நியாயம்.

உள்ளேயிருப்பவர்கள் வாங்காவிட்டால் வெளியாருக்கு விற்கலாம். ஆனால் 90 நாட்களுக்குள், சொன்ன விலைக்குக் குறையாமல், சொன்னதைவிடச் சலுகையான நிபந்தனையின்றி. காலம் கடந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விலையை ஏற்றிக் காட்டுவதற்காகப் பொய்யான வெளியாரைக் கொண்டுவரும் வழக்கமும் உண்டு. அதைத் தடுக்க, வாங்குபவரின் பெயர், கையொப்பமிட்ட முன்மொழிவு, பணத்துக்கான ஆதாரம் மூன்றும் அறிவிப்புடன் இணைக்கப்பட வேண்டும் என்று கேட்பது போதும்.

இவ்வுரிமைக்கு ஒரு பலவீனம் உண்டு. கணக்குகளைப் பார்வையிட்டு, வழக்கறிஞருக்கும் தணிக்கையாளருக்கும் செலவழித்து விலை சொல்லும் வெளியார், இறுதியில் உள்ளேயிருப்பவர் அதைப் பறித்துக்கொள்வார் என்று தெரிந்தால் வரத் தயங்குவார். எனவே சிலர் வரிசையை மாற்றி எழுதுகிறார்கள்: விற்க விரும்புபவர் முதலில் உள்ளேயிருப்பவர்களிடம் விலை கேட்கிறார், அவ்விலை போதாதெனில் அதற்கு மேல் தரும் வெளியாரைத் தேடுகிறார். சிறு நிறுவனங்களுக்கு இந்த இரண்டாவது முறையே ஏற்றது என்பது எங்கள் கருத்து. அங்கே வாங்க வருபவர்களே அரிது.

பங்கைத் தொடாமலே பங்கை விற்கும் வழியும் இருக்கிறது. விற்பனையாளர் தம் பங்குகளைத் தம் குடும்ப நிறுவனம் ஒன்றின் பெயரில் வைத்திருந்தால், அந்தக் குடும்ப நிறுவனத்தையே வெளியாருக்கு விற்றுவிடலாம். பதிவேட்டில் எந்த மாற்றமும் இராது. ஆகவே மறைமுக உரிமை மாற்றமும் விற்பனையாகவே கருதப்படும் என்று எழுத வேண்டும். மறுபுறம், மனைவி மக்களுக்கு மாற்றுவதையும், மரணத்துக்குப்பின் வாரிசுக்குச் செல்வதையும் விதிவிலக்காக வைக்கலாம். எவர் பெறினும் இதே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக ஓர் இணைவுப் பத்திரத்தில் கையொப்பமிட்ட பின்னரே பெயர் பதிவாகும் என்பதை மறக்கலாகாது.

அடுத்து, உடன்விற்பனை உரிமை. ஆங்கில வழக்கில் 'டேக்-அலாங்' எனப்படுவது. இது பொறியாளருக்கானது. உற்பத்தியாளரும் விற்பனையாளரும் சேர்ந்து 9,000 பங்குகளை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டால், பொறியாளர் அறிமுகமற்ற முதலாளியிடம் பத்து விழுக்காட்டுடன் நிற்பார். இலாபப் பங்கு அறிவிக்கப்படாமற்போகலாம். அவருடைய 1,000 பங்குகளுக்குச் சந்தையே இராது. உடன்விற்பனை உரிமை இருந்தால், அதே விலைக்கு, அதே நிபந்தனைகளில், தம் பங்குகளையும் வாங்கினால்தான் விற்பனை நடக்கலாம் என்று அவர் சொல்ல முடியும்.

எவ்வளவு பங்குகளைச் சேர்த்து விற்கலாம் என்பதில் இரு வகை உண்டு. கட்டுப்பாடு கைமாறாத விற்பனையில் விகிதப்படி சேர்வது போதும். உற்பத்தியாளர் மட்டும் விற்க, வாங்குபவர் 4,500 பங்குகளுக்கு மேல் வேண்டாம் என்றால், முன்பு கண்ட அதே கணக்கில் உற்பத்தியாளர் 3,682, பொறியாளர் 818 விற்பார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் வெளியாரிடம் செல்லும்போது, சிறுபான்மையாளரின் பங்குகள் முழுவதையும் வாங்கியாக வேண்டும் என்றே எழுத வேண்டும். விகிதக் கணக்கில் அவர் கையில் எஞ்சும் சில நூறு பங்குகள் எவருக்கும் பயன்படா.

'அதே விலை' என்ற இரு சொற்களில்தான் பொறியாளரின் பணம் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். வெளியார் உண்மையில் பங்குக்கு 2,000 ரூபாய் தர ஆயத்தமாக இருக்கிறார். உற்பத்தியாளர் தம் 4,500 பங்குகளைப் பங்குக்கு 1,400 ரூபாய் என்று பத்திரத்தில் எழுதி 63 லட்சம் பெறுகிறார்; மீதி 27 லட்சத்தை, போட்டித் தொழில் செய்யாமைக்கான ஈடு என்றும் ஆலோசனைக் கட்டணம் என்றும் தனியாகப் பெறுகிறார். அவருக்கு 90 லட்சம் முழுமையாக வந்துவிட்டது. பொறியாளருக்கோ 1,400 வீதம் 14 லட்சம். இழப்பு 6 லட்சம். சட்டம் மீறப்பட்டதாக எளிதில் காட்டவும் இயலாது. எனவே, விற்பவரோ அவருடைய உறவினரோ விற்பனையை ஒட்டி எந்தப் பெயரில் எதைப் பெற்றாலும், மெய்யாகவே செய்யப்போகும் வேலைக்கான சந்தைச் சம்பளம் நீங்கலாக, அது பங்கின் விலையாகவே கருதப்படும் என்று வரையறுக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வழக்கறிஞரிடம் வலியுறுத்துங்கள்.

மூன்றாவது இதற்கு நேர்மாறானது: 'டிராக்-அலாங்', கட்டாய உடன்விற்பனை. நூறு விழுக்காட்டையும் வாங்கினால்தான் வாங்குவேன் என்று ஒரு பெரிய நிறுவனம் சொல்கிறது. பொறியாளர் மறுத்தால், அல்லது தமக்கு மட்டும் இருமடங்கு விலை கேட்டால், மற்ற இருவரின் விற்பனையும் கெடும். அப்போது பெரும்பான்மையினர் அவரையும் சேர்த்து விற்கச் செய்யும் உரிமை இது. வாங்குபவர்கள் விரும்பும் ஷரத்து. சிறுபான்மையாளர் கவனமாகப் படிக்க வேண்டிய ஷரத்து.

முதலில், எத்தனை விழுக்காட்டினர் சேர்ந்தால் இழுக்கலாம்? 'பெரும்பான்மை' என்று மட்டும் எழுதினால், 45 உள்ள உற்பத்தியாளரும் 10 உள்ள பொறியாளரும் சேர்ந்து 55 ஆகி, விற்பனையாளரையே வெளியேற்றிவிடலாம். இவ்வாறு எழுதிவிட்டு, தாம் என்றும் இழுக்கும் பக்கத்திலேயே இருப்போம் என்று நினைப்பவர்கள் உண்டு. 75 என்று வைத்தால் முதலிருவரும் ஒப்பினால்தான் நடக்கும். எங்கள் எடுத்துக்காட்டுக்கு அதுவே பொருத்தம்.

அடுத்து, குறைந்தபட்ச விலை. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் நிர்ணயிக்கும் நியாய மதிப்புக்குக் கீழே இழுக்கக்கூடாது என்றோ, முதலீட்டின் மீது இன்ன விழுக்காடு வளர்ச்சி என்றோ எழுதலாம். வாங்குபவர் விற்பவருக்குத் தொடர்பற்றவராக இருத்தல் வேண்டும். விலை ரொக்கமாக இருத்தல் வேண்டும். இல்லாவிட்டால் பொறியாளர் தம் ஓய்வுக்காலப் பணத்துக்கு ஈடாக வேறொரு தனியார் நிறுவனத்தின் விற்கமுடியாத பங்குகளைப் பெறுவார்.

பின்னர், பொறுப்பு. நிறுவனத்தை வாங்குபவர், வரி நிலுவை இல்லை, வழக்கு இல்லை என்றெல்லாம் விற்பவர்களிடம் உறுதி கேட்பார். அன்றாட நிர்வாகத்தில் பங்குபெறாத பொறியாளர் அவற்றை எவ்வாறு அறிவார்? தம் பங்குகள் தமக்கே உரியவை, அவற்றின் மீது அடமானம் இல்லை என்ற உறுதியை மட்டுமே அவர் தர வேண்டும். வேறு இழப்பீடு வந்தாலும் தம் பத்து விழுக்காட்டு விகிதத்துக்கு மேலும், தாம் பெற்ற தொகைக்கு மேலும் பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

கையொப்பமிட மறுப்பவரை எப்படி விற்கச் செய்வது? காகிதப் பங்குப் பத்திரமாயின், நிறுவனச் செயலரோ இயக்குநரோ அவர் சார்பில் மாற்றுப் படிவத்தில் கையொப்பமிட முன்கூட்டியே அதிகாரப் பத்திரம் பெறுவது வழக்கம். இப்போது சிறு நிறுவனம் என்ற வரையறைக்குள் வராத தனியார் நிறுவனங்களின் பங்குகள் டீமேட் வடிவில் இருக்க வேண்டும். அங்கே மாற்றுவதற்கான ஆணை பங்குதாரரின் டீமேட் கணக்கிலிருந்தே செல்கிறது. பழைய மாதிரியிலுள்ள அதிகாரப் பத்திரம் அக்கணக்கை இயக்கும் அதிகாரத்தையும் தருகிறதா, டீமேட் நிறுவனம் அதைப் பதிவு செய்துகொண்டதா என்று பார்ப்பது அவசியம். முன்வாங்கல் உரிமையும் இழுக்கும் உரிமையும் மோதும்போது எது முந்தும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஷரத்துகளையும் இரு வேறு மாதிரிகளிலிருந்து எடுத்து ஒட்டிய ஒப்பந்தங்களில் அந்த வரி இருப்பதில்லை.

கடைசியாக, அந்தத் திங்கட்கிழமைக் கடிதங்களுக்குக் காரணமான முட்டுக்கட்டை. முட்டுக்கட்டை எது என்பதையே முதலில் வரையறுக்க வேண்டும். முன்கூட்டியே பட்டியலிட்ட முக்கியப் பொருள்களில் ஒன்று, எடுத்துக்காட்டாக ஆண்டு வரவுசெலவுத் திட்டமோ புதிய கடனோ, அடுத்தடுத்த இரண்டு குழுக் கூட்டங்களில் நிறைவேறாவிட்டால் முட்டுக்கட்டை எனலாம். கூட்டத்துக்கே வராமல் இருப்பதும் ஒரு தந்திரம். எனவே ஒரு தரப்பு வராததால் குறைவெண் இல்லாமல் இரு முறை கூட்டம் ஒத்திவைக்கப்பட்டாலும் முட்டுக்கட்டையே என்று சேர்க்க வேண்டும்.

தலைவருக்குத் தீர்மானிக்கும் வாக்கு அளித்துவிட்டால் சிக்கல் தீருமே என்பார்கள். தீரும், சம உரிமையும் அத்துடன் தீர்ந்துவிடும். அதைவிட, இரு முதன்மைப் பங்குதாரர்களும் 15 நாள் நேரில் பேசுவது, பின்னர் 30 நாள் சமரசர் முன் பேசுவது என்று படி வைப்பது நல்லது. இந்தக் காலத்தில் நிறுவனம் நின்றுவிடாதிருக்க ஓர் இடைக்கால ஏற்பாடு வேண்டும்: கடைசியாக ஒப்புதல் பெற்ற வரவுசெலவுத் திட்டமே தொடரும், சம்பளம், ஜி.எஸ்.டி., மின்கட்டணம், வங்கி வட்டி, வழக்கமான மூலப்பொருள் ஆகியவற்றுக்கு இருதரப்பிலும் பெயர் குறிப்பிட்ட ஒருவர் கூட்டாகக் கையொப்பமிடுவர். இந்த ஏற்பாட்டைக் குழுத் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் படியை வங்கியிடமும் முன்பே தந்துவைக்கலாம். அப்படியொரு தீர்மானம் எங்கள் கோப்பில் இருந்திருந்தால், அன்று சம்பளக் காசோலைகளை நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

பேச்சும் சமரசமும் பயனளிக்காவிட்டால் ஒருவர் மற்றவரின் பங்கை வாங்கிப் பிரிவதே வழி. 'ரஷ்யன் ரூலெட்' என்ற விந்தையான பெயருடைய முறை பரவலாக எழுதப்படுகிறது. ஒருவர் விலை சொல்வார்; அவ்விலைக்கு விற்பதா, வாங்குவதா என்பதை மற்றவர் தேர்ந்தெடுப்பார். ஒருவர் அரிசி முறுக்கை உடைக்க, மற்றவர் முதலில் எடுப்பது போன்ற நியாயம். ஆனால் இருவர் கையிலும் ஒரே அளவு பணம் இருந்தால்தான் அந்த நியாயம் நிற்கும். பங்கின் உண்மை மதிப்பு 2,000 என்று கொள்வோம். உற்பத்தியாளருக்குக் குடும்பச் சொத்து உண்டு, விற்பனையாளருக்கு இல்லை. அதை அறிந்த உற்பத்தியாளர் 1,500 என்று விலை சொல்கிறார். அவ்விலைக்கு வாங்க விற்பனையாளருக்கு 30 நாட்களில் 67.5 லட்சம் வேண்டும். திரட்ட இயலவில்லை, ஆகவே விற்கிறார். அவரது இழப்பு 22.5 லட்சம். நிறுவனத்தின் நடைமுறை மூலதனக் கடனிலிருந்து அத்தொகையை எடுக்கலாமே என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. இயலாது, அது கடனை வேறு நோக்கத்துக்குத் திருப்புவதாகும்.

ஆகவே பணபலம் சமமில்லாத இடத்தில் இம்முறையை அப்படியே எழுத நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்புக்குக் கீழே விலை சொல்லக்கூடாது என்று ஒரு தளம் இடலாம். பணம் செலுத்த 120 நாட்களோ தவணையோ தரலாம். வாங்குபவர் பொறியாளரின் பங்குகளையும் அதே விலைக்கு எடுத்துக்கொள்ள முன்வர வேண்டும் என்று சேர்க்கலாம். இருவரும் மூடிய உறையில் விலை எழுதித் தர, கூடுதலாக எழுதியவர் தம் விலைக்கே வாங்கும் 'டெக்சாஸ் ஷூட்-அவுட்' முறையும் உண்டு. அதிலும் பணமுள்ளவர் கையே ஓங்குமெனினும், விலை தாழ்வதற்கான தூண்டுதல் குறைவு. எதுவுமே எழுதாவிட்டால் எஞ்சுவது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். அது ஒருவர் பங்கை மற்றவர் வாங்குமாறு ஆணையிடலாம். நிறுவனத்தைக் கலைக்கவும் செய்யலாம்.

எந்த வழியில் பிரிந்தாலும், பங்கை விற்றவர் வங்கிக்கு அளித்த தனிப்பட்ட உத்தரவாதம் பங்குடன் சேர்ந்து போய்விடுவதில்லை. வங்கி எழுத்துமூலம் விடுவிக்கும்வரை அது அவர் தலைமேலேயே இருக்கும். மேலும் பங்குரிமை மாற்றத்துக்கு வங்கியின் முன்னனுமதி வேண்டும் என்பது பெரும்பாலான கடன் ஒப்புதல் கடிதங்களில் உள்ள நிபந்தனை. ஆகையால் விற்பனை முடியும் நாளுக்கு முன் வாங்குபவர் மாற்று உத்தரவாதம் அளித்து, வங்கியின் விடுவிப்புக் கடிதத்தைப் பெற்றுத் தர வேண்டும் என்பதை விற்பனைக்கான நிபந்தனையாகவே எழுத வேண்டும். அந்த இரு கடிதங்களை எழுதியவர்களில் ஒருவர் பின்னர் மற்றவரின் பங்குகளை வாங்கிக்கொண்டார். வெளியேறியவர் தம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு எங்கள் கிளைக்கு வந்தபோது, அது இன்னும் நிறுவனத்தின் கடனுக்கு ஈடாக இருப்பதை நாங்கள் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. மாற்றுச் சொத்து வந்து சேர்ந்து, பத்திரம் அவர் கைக்குப் போக மேலும் நான்கு மாதங்கள் பிடித்தன.